கூர்க்கனின் குறுக்குவழி

ஆத்தூரிலிருந்து சித்தப்பா பேசினால் முதல் ஐந்து நிமிடம் மழை, அடுத்த ஐந்து நிமிடம் மரவள்ளி விலை. அன்று இரண்டையும் விட்டுவிட்டு நேராகக் கேட்டார்: "ஏன்டா, இந்தக் கூர்க்கன் கெழங்க பெங்களூருக்கு ஏத்திட்டுப் போறாங்களே, அத வச்சு அங்க என்னதான் பண்றாங்க?"

கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டார். பெங்களூரில் ஓர் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்தக் கிழங்கின் சத்தை வெள்ளைப் பொடியாக, விரல் நுனி அளவுக் குப்பியில், மைனஸ் 20 டிகிரிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்திருக்கிறேன். கிழங்கு இறங்கும் ஊரும் குப்பி இருந்த ஊரும் ஒன்றுதான். ஆனால் குப்பி கடல் தாண்டி வந்தது. பத்து மில்லிகிராம் வாங்கப் படிவம் நிரப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம். அந்தப் பொடி எங்கள் சேலத்துச் செம்மண்ணில் விளைவதாகக்கூட இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

தொலைபேசியில் அவருக்கு அரைகுறையாகச் சொன்னேன். முழுசாகச் சொல்ல வேண்டுமென்றால் இவ்வளவு ஆகிறது.

மருந்துக் கூர்க்கன் நமக்கு அந்நியமான செடி இல்லை. குழந்தைக்குச் சளி பிடித்தால் இலையை வாட்டிச் சாறு பிழிகிறோமே, அந்தக் கற்பூரவல்லிக்கு இது பங்காளி. நெல்லைக்காரர்கள் பொங்கலுக்குத் தேடி வாங்கும் சிறுகிழங்கும் அதே கோலியஸ் குடும்பம்தான். வட கர்நாடகத்தில் இந்தக் கூர்க்கன் வேரை ஊறுகாய் போடுவார்கள். கோலியஸ் ஃபோர்ஸ்கோலி என்ற அதன் தாவரவியல் பெயருக்குப் பின்னால் பீட்டர் ஃபோர்ஸ்கோல் என்ற மனிதர் இருக்கிறார். லின்னேயஸின் மாணவர். செடி தேடிப் போன இடத்தில், 1763இல், ஏமனில் மலேரியா கண்டு இறந்தார்.

1970களில் பம்பாய் முலுண்டில் இருந்த ஹெக்ஸ்ட் ஆய்வு மையம் இந்திய மூலிகைகளை வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்தது. கூர்க்கன் வேரின் சாறு இரத்த அழுத்தத்தைக் குறைத்தது, இதயத் துடிப்பின் வலுவைக் கூட்டியது. அதிலிருந்து பிரித்த பொருளின் அமைப்பை பட், பஜ்வா, டி சூசா குழுவினர் 1977இல் வெளியிட்டார்கள். அதே காலத்தில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் அதே வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துக் கோலியோனால் என்று பெயரிட்டது. இரண்டும் வேறு வேறு என்று சில காலம் நம்பினார்கள். ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. நிலைத்த பெயர் ஃபோர்ஸ்கோலின். மற்ற கோலியஸ் செடிகளில் தேடிப் பார்த்தபோது அது கிடைக்கவில்லை. கற்பூரவல்லியைத் தின்று பயனில்லை என்று சொல்கிறேன், சளிக்கு அல்ல, இந்தக் கதைக்கு.

இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மூலிகை நாட்டில் எத்தனையோ உண்டு. இது ஏன் உலகத்து ஆய்வகங்கள் எல்லாவற்றிலும் குப்பியாகப் போய் உட்கார்ந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பயந்துபோனால் சுரக்கும் அட்ரினலின் ஈரலுக்குப் போய், சேமித்து வைத்த கிளைக்கோஜனைச் சர்க்கரையாக உடைக்கச் சொல்கிறது. எப்படிச் சொல்கிறது என்று 1950களில் அமெரிக்காவில் ஏர்ல் சதர்லாண்டும் தியோடர் ரால்லும் தேடினார்கள். ஈரலை அரைத்த கூழில் அட்ரினலினை விட்டார்கள். செல்கள் உடைந்திருந்தும் வேலை நடந்தது. கூழைச் சுழற்றி, அடியில் படிந்த சவ்வுத் துணுக்குகளை நீக்கிவிட்டுத் தெளிந்த நீரில் மட்டும் அட்ரினலினை விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இத்தனைக்கும் கிளைக்கோஜனை உடைக்கும் நொதி அந்தத் தெளிந்த நீரில்தான் இருந்தது. பிறகு, ஒதுக்கி வைத்த சவ்வுத் துணுக்குகளோடு அட்ரினலினையும் ஏடிபியையும் தனியாகச் சேர்த்து வைத்தார்கள். அதைக் கொதிக்க வைத்தார்கள். கொதித்தால் புரதமெல்லாம் முட்டை வெந்தது போலாகிவிடும், நொதி ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கொதித்த நீரை எடுத்துத் தெளிந்த நீரில் விட்டதும் நொதி விழித்துக்கொண்டது.

எனக்குத் தெரிந்து உயிர்வேதியியலில் இதைவிட அழகான சமையல் கிடையாது. அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதே இல்லை, சவ்வோடு சரி. சவ்வில் ஏதோ ஒன்று அதைக் கண்டு, கொதித்தாலும் அழியாத சின்ன மூலக்கூறு ஒன்றைச் செய்து உள்ளே விடுகிறது. உள்ளே வேலை வாங்குவது அந்தச் சின்னதுதான். ஏடிபியின் வாலை வெட்டி, மீதியைத் தன் மேலேயே வளையமாக மடித்தால் கிடைக்கும் சைக்ளிக் ஏஎம்பி அது. ஹார்மோன் முதல் தூதர் என்றால் இது இரண்டாம் தூதர். அதைச் செய்யும் சவ்வு நொதி அடினைலில் சைக்ளேஸ். 1971இல் சதர்லாண்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சவ்வில் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பியும், தூதரைச் செய்யும் சைக்ளேஸும் ஒரே ஆளா, இரண்டு ஆளா என்பது அப்போது தெரியாது. உண்மையில் ஆட்கள் மூவர். வாசலில் நிற்பது ஏற்பி: சவ்வை ஏழு முறை ஊடுருவித் தைத்த ஒரு புரதம். அதன் காலடியில், உட்பக்கம், ஜி புரதம். சும்மா இருக்கும்போது ஜி புரதம் ஜிடிபி என்ற மூலக்கூறை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கும். ஹார்மோன் வந்து ஏற்பியில் அமர்ந்ததும் ஏற்பி உருவம் மாறி ஜி புரதத்தின் பிடியைத் தளர்த்துகிறது. ஜிடிபி நழுவி விழ, செல்லில் நிறையக் கிடக்கும் அதன் அண்ணன், ஒரு பாஸ்பேட் கூடுதலானவன், அந்த இடத்தில் ஏறுகிறான். தமிழில் எழுதினால் இருவருக்கும் ஒரே பெயர்தான். விழுவது டை, ஏறுவது ட்ரை என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பாஸ்பேட் உள்ளது இறங்க, மூன்று பாஸ்பேட் உள்ளது ஏறுகிறது. ஏறியதும் ஜி புரதத்தின் ஆல்ஃபா துண்டு பிரிந்துபோய் சைக்ளேஸை முடுக்குகிறது. அந்த மூன்றாவது பாஸ்பேட்டைத் தானே மெல்ல வெட்டிக்கொண்டு மறுபடி தூங்கப் போய்விடுகிறது. கடிகாரத்தை வயிற்றிலேயே வைத்திருக்கும் வேலைக்காரன்.

அந்தக் கடிகாரம் உடைந்தால் என்ன ஆகும் என்பதை வங்காளம் நூற்றாண்டுகளாக அனுபவித்து வந்தது. காலரா நஞ்சு குடல் செல்லுக்குள் புகுந்து, ஜி புரதத்தில் பாஸ்பேட்டை வெட்டும் இடத்தையே கெடுத்துவிடும். வெட்ட முடியாத ஆல்ஃபா தூங்கப் போகாது. சைக்ளேஸ் ஓடிக்கொண்டே இருக்கும். சைக்ளிக் ஏஎம்பி பெருகி, குடல் செல்லின் உப்பு வாசல்களைத் திறந்துவிட, உப்பின் பின்னால் தண்ணீரும் கொட்டுகிறது. நோய்க்குக் காரணம் கிருமி வெளியிடும் இந்த நஞ்சுதான் என்று காட்டியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. முயலின் குடலை நூலால் கட்டிச் சிறு பைகளாக்கி, கிருமியை வடிகட்டி எடுத்துவிட்ட நீரை மட்டும் உள்ளே செலுத்தினார். பை வீங்கியது. 1959இல் நேச்சர் இதழில் வந்தது அந்தக் கட்டுரை. இந்தியாவின் அறிவியல் அகாதமிகள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. 1985இல் இறந்தார். 1990இல் அவருக்காகச் சிறப்பிதழ் கொண்டுவந்தது பெங்களூரிலிருந்து வெளியாகும் கரண்ட் சயின்ஸ். தாமதமான மரியாதைதான். ஆனாலும் இந்த ஊரிலிருந்து வந்தது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

இப்போது கூர்க்கனுக்கு வரலாம். 1981இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கென்னத் சீமனும் ஜான் டேலியும் சேர்ந்து ஃபோர்ஸ்கோலின் என்ன செய்கிறது என்று காட்டினார்கள். அது எந்த ஏற்பியிலும் அமர்வதில்லை. ஜி புரதத்தைக் கேட்பதுமில்லை. நேராகப் போய் சைக்ளேஸைப் பிடிக்கிறது. வாசல்காரனையும் இடைக்காரனையும் தாண்டிச் சமையலறைக்கே போய் அடுப்பைப் பற்றவைக்கிற விருந்தாளி.

இதனால் என்ன லாபம் என்பதற்கு எஸ்49 என்ற எலிப் புற்றுச் செல்களின் கதையைச் சொல்ல வேண்டும். இந்தச் செல்களில் சைக்ளிக் ஏஎம்பி அதிகமானால் அவை செத்துவிடும். அட்ரினலின் போன்ற ஒரு மருந்தைக் கொட்டி, சாகாமல் தப்பியவற்றை ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்தார்கள். அவற்றில் ஹார்மோன் கொடுத்தாலும் தூதர் உருவாகவில்லை. சைக்ளேஸே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, 'சைக் மைனஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1977இல் எலியட் ராஸும் ஆல்ஃபிரட் கில்மனும் அந்தச் செல்களின் சவ்வோடு, நல்ல செல்லின் சாற்றைக் கலந்து பார்த்தார்கள். வேலை திரும்பியது. இதில் ஆச்சரியம் இல்லை. நல்ல சாற்றில் இருந்த சைக்ளேஸ் வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் சூட்டில் சைக்ளேஸைக் கொன்றுவிட்ட சாற்றைக் கலந்தபோதும் வேலை திரும்பியது. அப்படியென்றால் சைக்ளேஸ் சைக் மைனஸ் செல்லில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. சாறு கொடுத்தது வேறு ஏதோ, கொஞ்சம் சூடு தாங்குகிற ஒன்று. பிறகு பிரித்தெடுத்துப் பார்த்தால் அதுதான் ஜி புரதம். பெயர் தப்பு, ஆனால் இன்றுவரை அதே பெயர். ஹார்மோன் சைக்ளேஸை முடுக்க அந்த மூன்று பாஸ்பேட் மூலக்கூறு தேவை என்று முன்பே கண்ட மார்ட்டின் ராட்பெல்லும் கில்மனும் 1994இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ராஸும் கில்மனும் பட்ட பாட்டைப் பாருங்கள். ஃபோர்ஸ்கோலின் வந்தபின் அதே கேள்வியை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். செல் வளர்க்கும் தட்டின் மூன்று குழிகளில் சைக் மைனஸ் செல்களை எடுத்துக்கொள்வோம். முதல் குழியில் ஹார்மோன்: தூதர் இல்லை. இரண்டாவதில் காலரா நஞ்சு: அப்போதும் இல்லை. ஹார்மோன் தோற்றால் ஏற்பியைச் சந்தேகிக்கலாம். ஏற்பியைத் தாண்டி ஜி புரதத்தைத் தொடும் காலரா நஞ்சும் தோற்றால், ஜி புரதமோ சைக்ளேஸோ, இரண்டில் ஒன்று பழுது. மூன்றாவதில் ஃபோர்ஸ்கோலின்: தூதர் எழுகிறது. சைக்ளேஸ் நலம். மிஞ்சுவது ஜி புரதம் ஒன்றுதான். மின்வெட்டு வந்தால் முதலில் தெருக்கம்பம், அடுத்து மீட்டர், பிறகு பல்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போமே, அதுதான். கல்கத்தாவில் அடையாளம் கண்ட நஞ்சும் இந்திய மண்ணின் கிழங்கும் உலகின் ஆய்வகங்களில் இப்படி அடுத்தடுத்த குழிகளில் உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு நுணுக்கம். சைக் மைனஸ் செல்லில் ஃபோர்ஸ்கோலின் எழுப்பும் தூதர், நல்ல செல்லில் எழுப்புவதைவிடக் குறைவு. ஜி புரதமும் கூட இருந்தால்தான் அதன் முழு வலு தெரியும். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் ஒன்றும் ஒன்றும் இரண்டல்ல, அதற்கு மேல். குறுக்குவழி என்று தலைப்பில் எழுதிவிட்டேன். வாசல்காரனை அடியோடு மறந்துவிடலாம் என்று அதற்குப் பொருளில்லை.

அளவையும் சொல்லிவிடுகிறேன், சித்தப்பாவுக்கு அதுதான் பிடிக்கும். செல்களுக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுத்தது பத்து மைக்ரோமோலார். ஃபோர்ஸ்கோலினின் மூலக்கூறு எடை சுமார் 410. ஒரு மில்லிலிட்டர் குழிக்கு நான்கு மைக்ரோகிராம் சொச்சம் போதும். காய்ந்த கிழங்கில் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவாகவே ஃபோர்ஸ்கோலின் இருக்கும், 0.4 சதவீதம் என்று வைத்தால், ஒரு கிலோ கிழங்கில் நாலு கிராம். சேதாரம் பார்க்காமல் கணக்குப் போட்டால் கிட்டத்தட்டப் பத்து லட்சம் குழிகளுக்கு வரும். உலகத்து ஆய்வகங்களுக்கு ஒரு காணி வேண்டாம், ஒரு வரப்போரம் போதும். அப்படியானால் அந்த மூட்டைகள் எங்கே போகின்றன என்று சித்தப்பா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் முதன்முதலில் ஃபோர்ஸ்கோலின் போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது, தோற்றதால். பொடி தண்ணீரில் கரையாது, டிஎம்எஸ்ஓவில் கரைக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்தேன். முப்பது நிமிடம் வைத்து, செல்களை உடைத்து, தூதரை அளந்தேன். ஒன்றும் போடாத குழிக்கும் போட்ட குழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதுக்குப்பி கேட்டேன். மூத்தவர் ஒருவர் என் நோட்டைப் புரட்டிவிட்டு, "தம்பி, ஐபிஎம்எக்ஸ் எங்கே?" என்றார்.

செல்லில் சைக்ளிக் ஏஎம்பியைச் செய்பவர் மட்டும் இல்லை, அழிப்பவரும் இருக்கிறார். ஃபாஸ்ஃபோடையெஸ்டரேஸ் என்ற நொதிக் கூட்டம் அந்த வளையத்தை வெட்டிச் சாதாரண ஏஎம்பி ஆக்கிவிடும். ஐபிஎம்எக்ஸ் அந்தக் கத்தரிகளைக் கட்டிப்போடும் மருந்து. காப்பியில் இருக்கும் கஃபீனுக்கு உறவு. அதைப் போடாவிட்டால், அடைப்பில்லாத தொட்டியில் தண்ணீர் பிடித்த கதைதான். முப்பது நிமிடத்தில் நான் அளந்தது வந்ததை அல்ல, வந்து போனதற்குப் பிறகு மிஞ்சியதை. மறுநாள் ஐபிஎம்எக்ஸோடு செய்தபோது அதே பழைய குப்பி பல மடங்கு காட்டியது. கெட்டது மருந்தில்லை.

இன்னொரு பொறியும் உண்டு, இதில் நானல்ல, பலர் விழுந்திருக்கிறார்கள். செல்லுக்குள் குளுக்கோஸ் போகும் வழியையும் சில அயனி வாசல்களையும் ஃபோர்ஸ்கோலின் சைக்ளேஸுக்குச் சம்பந்தமில்லாமலே தடுக்கும். ஒரு விளைவைக் கண்டதும் 'சைக்ளிக் ஏஎம்பியால் வந்தது' என்று எழுதிவிட முடியாது. அதற்காகவே டைடீஆக்ஸிஃபோர்ஸ்கோலின் என்று ஒரு சாயல் வைத்திருக்கிறார்கள். முகம் அதேதான், சைக்ளேஸை மட்டும் தொடாது. சாயலைப் போட்டாலும் அதே விளைவு வந்தால், தூதருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாயலைச் சோதிக்காத கட்டுரையை நான் இன்றும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

சைக்ளேஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்கும் இந்தக் கிழங்குதான் தூண்டில் ஆனது. சவ்வில் அந்த நொதி மிகக் குறைவு. 1980களில் ஃபோர்ஸ்கோலினை மணிகளில் ஒட்டி, சவ்வுச் சாற்றை அதன் வழியே விட்டார்கள். சைக்ளேஸ் வந்து ஒட்டிக்கொண்டது, மற்றவை ஓடிவிட்டன. அப்படிப் பிடித்த புரதத்தை வைத்து 1989இல் அதன் மரபணுவைக் கண்டார்கள். 1997இல் கில்மன் குழு சைக்ளேஸின் வேலை செய்யும் பாகத்தைப் படிகமாக்கிப் பார்த்தபோது, ஒரு பக்கம் ஜி புரதமும் நடுவில் ஃபோர்ஸ்கோலினின் நீரில் கரையும் வடிவமும் அமர்ந்திருந்தன. நொதியில் இரண்டு பாதிகள், பார்க்க ஒன்று போலிருப்பவை, தலைகீழாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அவை சேரும் இடத்தில் இரண்டு குழிவுகள். ஒன்றில் ஏடிபி வெட்டுப்படுகிறது. மற்றது அதே மாதிரி, ஆனால் வெட்டும் திறன் போய்விட்ட குழிவு. கூர்க்கன் போய் உட்காருவது அந்தத் திண்ணையில்.

திண்ணை இல்லாத வீடும் உண்டு. காசநோய்க் கிருமியின் மரபுத்தொகுதியில் சைக்ளேஸ் மரபணுக்கள் பதினைந்துக்கும் மேல். அவ்வளவு சின்ன உயிருக்கு ஏன் அத்தனை என்பது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சந்தியா விஸ்வேஸ்வரய்யாவின் குழு நெடுங்காலம் குடைந்த கேள்வி. அவற்றில் Rv1625c என்ற ஒன்று நம் சைக்ளேஸுக்கு வியக்கும்படி நெருக்கம். ஆனால் நம்முடையது போல் இரண்டு வேறு பாதிகள் அதில் இல்லை. ஒரே புரதத்தின் இரண்டு பிரதிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நொதியாகின்றன. இரண்டு குழிவிலும் ஏடிபி வெட்டுப்படும், ஆகவே ஃபோர்ஸ்கோலினுக்கு இடமில்லை. அந்தப் புரதத்தில் சில அமினோ அமில எழுத்துகளை மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்று அந்தக் குழு 2003இல் பார்த்தது. ஏடிபியைத் தேர்ந்தெடுக்கும் எழுத்துகளே இரண்டு பிரதிகளும் சேர்ந்து நிற்பதற்கும் காரணம் என்று தெரிந்தது.

சரி, மூட்டைகள். பெங்களூரில் 1991இல் தொடங்கிய சாமி லேப்ஸ் போன்ற நிறுவனங்கள் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஒப்பந்தம் போட்டுக் கூர்க்கனை விளைவிக்கின்றன. பெரும்பாலும் அது போவது உடல் இளைக்கும் மாத்திரைக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மருத்துவர் புகழ்ந்து பேசியபின் 2014 வாக்கில் அதற்கு ஒரே கிராக்கி.

மாத்திரையின் தர்க்கம் தப்பில்லை. அட்ரினலின் கொழுப்புச் செல்லைத் தட்டினால் சைக்ளிக் ஏஎம்பி எழும், அது ஒரு கைனேஸை அவிழ்க்கும், கைனேஸ் கொழுப்பை உடைக்கும் நொதியை முடுக்கும். கிண்ணத்தில் வளரும் கொழுப்புச் செல்லுக்கு ஃபோர்ஸ்கோலின் கொடுத்தால் அப்படியே நடக்கிறது. ஆனால் கிண்ணம் வேறு, வயிறு வேறு. வழக்கமான மாத்திரையில் 250 மில்லிகிராம் சாறு, அதில் பத்தில் ஒரு பங்கு ஃபோர்ஸ்கோலின், அதாவது 25 மில்லிகிராம். அத்தனையும் குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரல் கையே வைக்காமல், உடம்பின் நாற்பது லிட்டர் நீரில் சமமாகப் பரவியது என்று மிகத் தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்றரை மைக்ரோமோலார்தான் வரும். கிண்ணத்தில் நாம் போட்டது பத்து. கொழுப்பில் கரையும் பொருளாயிற்றே, கொழுப்புச் செல்லில் கூடுதலாகச் சேராதா என்று வாதிடலாம். சேரலாம், ஈரலும் சும்மா இருக்காது.

மனிதர்களிடம் பார்த்ததும் அரைகுறைதான். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் எடை கூடிய 30 ஆண்கள், 12 வாரம். உண்மை மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பின் விகிதம் குறைந்தது, எடையில் சொல்லும்படி வித்தியாசமில்லை. அதே ஆண்டு பெண்களிடம் செய்த சிறிய ஆய்வில் இளைக்கவும் இல்லை. இதை வைத்து ஒரு சந்தையே நடக்கிறது.

அளவைவிடப் பெரிய சிக்கல் முகவரி. சைக்ளிக் ஏஎம்பி எல்லாச் செல்லிலும் ஒரே எழுத்துதான். ஈரலில் அது சர்க்கரையை விடு என்கிறது, இதயத்தில் வலுவாக அடி என்கிறது, இரத்தத் தட்டில் ஒட்டாதே என்கிறது, குடலில் உப்பை விடு என்கிறது. அது எந்தச் செல்லில் எழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வாசலில் நிற்கும் ஏற்பி. குளுக்ககானுக்கான ஏற்பி ஈரலில் நிறைய இருப்பதால்தான் அந்தச் சேதி பெரும்பாலும் ஈரலுக்குப் போகிறது. ஃபோர்ஸ்கோலின் வாசலைத் தாண்டுவதால் முகவரியையும் தாண்டிவிடுகிறது. மாத்திரை சாப்பிட்டவர்கள் சிலருக்கு வயிறு இளகும். காலராவின் பாதையில் ஓரடி வைத்தது மாதிரி.

ஆகவே அது உருப்படியாகப் பயன்பட்ட இடங்கள் இரண்டு வகை. ஒன்று, முகவரியை நாமே கையால் எழுதும் இடம். கண்ணில் சொட்டாக விட்டால் உள்ளழுத்தம் குறைகிறது என்று 1983இலேயே காட்டினார்கள். க்ளக்கோமாவுக்கு அப்படி ஒரு சொட்டு மருந்து இந்தியாவில் வந்தது. மற்றது, வாசலே தேய்ந்துபோன இடம். நெடுநாள் தளர்ந்த இதயத்தை அட்ரினலின் ஓயாமல் தட்டுவதால், செல் தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொண்டு காது கேளாததுபோல் ஆகிவிடுகிறது. அங்கே வாசலில் தட்டிப் பயனில்லை. ஜப்பானில், திடீரென்று மோசமாகும் இதயத் தளர்ச்சிக்கு, நீரில் கரையும்படி மாற்றிய ஃபோர்ஸ்கோலினைச் சிரை வழியே ஏற்றும் மருந்தாக வைத்திருந்தார்கள்.

இவ்வளவும் சொல்லிமுடித்தபோது சித்தப்பா, "எனக்கும் பிரஷர் இருக்கே, நம்ம காட்டுக் கெழங்குதானே, ரெண்டு அரைச்சுக் குடிச்சா என்ன?" என்றார். செடிக்குச் செடி சத்து பல மடங்கு மாறும், நாலு துண்டில் என்ன இருக்கிறது என்று நாக்குக்குத் தெரியாது என்றேன். ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்; அதோடு இதுவும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண்ணைக் கட்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இணையத்தில் இளைக்கும் மாத்திரை வாங்குகிற வாசகருக்கும் இதையே சொல்கிறேன்: அட்டையில் கோலியஸ் என்றோ ஃபோர்ஸ்கோலின் என்றோ இருந்தால், உங்கள் மருத்துவரிடம் அந்த அட்டையைக் காட்டிவிட்டு வாயில் போடுங்கள்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அது கெடக்கட்டும். வேர்ல நூற்புழு உழுந்து கெழங்கு முடிச்சு முடிச்சா கெடக்கு. இந்தப் போகம் மரவள்ளிதான் போடப்போறேன்."